கண்டிப்பதற்காக வசையை மேற்கோள் காட்டிய பதிவு ‘வெறுப்புப் பேச்சு’ என்று நீக்கப்பட்டால்: அப்பீலில் என்ன எழுதுவது?

#1 பொன்வண்டு

ஒரு பெரிய சமூக ஊடகத் தளம், பெயர் வேண்டாம். மேடையில் பேசிய திருநர் ஒருவரைப் பற்றி யாரோ எழுதிய கேவலமான பின்னூட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கண்டித்துப் பதிவு போட்டிருந்தேன். சில மணி நேரத்தில் ‘வெறுப்புப் பேச்சு’ என்று நீக்கிவிட்டார்கள். பின்னூட்டம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பதிவு இதுதான் (சொல்லை மட்டும் கோடிட்டிருக்கிறேன், மூலத்தில் முழுதாக இருந்தது):

> “இந்த ____களை எல்லாம் மேடையில் ஏற்றினால் இப்படித்தான்.”
> என்ன மனிதர்கள் இவர்கள்! சே!

கீழே படமாக அந்தப் பின்னூட்டம், எழுதியவர் பெயரோடு.

அப்பீலுக்கு நான் எழுதி வைத்திருப்பது:

> நான் எந்தத் தவறும் செய்யவில்லை. வெறுப்பைக் கக்கியவனை விட்டுவிட்டு அதைத் தட்டிக்கேட்ட என்னைத் தண்டிக்கிறீர்கள். இது அநியாயம், கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது. பதிவை உடனே திருப்பித் தாருங்கள்.

இன்னும் அனுப்பவில்லை. இதில் என்ன மாற்ற வேண்டும்?

#2 குறும்பலகை

ரொம்ப சிம்பிள். மெஷின் அந்தச் சொல்லைத்தான் பிடிக்குது. நடுவுல ரெண்டு ஸ்டார் போடுங்க, இல்ல எழுத்துக்கு நடுவுல புள்ளி வைங்க, மறுபடி போஸ்ட் பண்ணுங்க. அப்பீல்லாம் நேர விரயம், யாரும் படிக்கிறதே இல்ல. மேற்கோள் குறி போட்டா கண்டிக்கிறதா எடுத்துக்குவாங்கன்னும் சொல்றாங்க, நீங்கதான் போட்டிருக்கீங்களே, அதையும் சேர்த்து எழுதுங்க.

#3 ஏடுகாப்பான்

குறும்பலகை சொன்னதில் பாதி சரி. முதல் சுற்றில் பெரும்பாலும் எந்திரம்தான் பிடிக்கிறது என்பது உண்மை. ஆனால் ஸ்டார் போட்டால் தப்பிக்கலாம் என்பது பழைய கதை. வெறுப்பைப் பரப்புகிறவர்களும் அதே ஸ்டாரையும் புள்ளியையும்தான் போடுகிறார்கள். அதனால் கண்டறியும் மென்பொருள்களை அதற்கும் சேர்த்தே பழக்குகிறார்கள். 2021-இல் வெளியான ஹேட்செக் என்ற சோதனைத் தொகுப்பில் 29 வகைச் சோதனைகள் உண்டு. அவற்றில் ஐந்து வகை எழுத்தை மாற்றுவது, விடுவது, இடைவெளி விடுவது போன்ற தந்திரங்களுக்கானவை. அதே தொகுப்பில் நம் விஷயத்துக்கும் இரண்டு வகை இருக்கின்றன: வெறுப்பை மேற்கோள் காட்டிக் கண்டிப்பது ஒன்று, மேற்கோள் இல்லாமல் சுட்டிக் கண்டிப்பது இன்னொன்று. மற்றச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் எடுத்த மென்பொருள்கள்கூட இந்த இரண்டில் பெரும்பாலும் சறுக்கின. பொன்வண்டின் பதிவு விழுந்ததும் இதே குழியில்தான். சொல் இருக்கிறது, குறிவைக்கப்படும் மக்கள் இருக்கிறார்கள், வாக்கியமும் முழுமையாக இருக்கிறது. மேற்கோள் குறி என்பது இரண்டு சின்னக் கோடுகள், அவ்வளவுதான்.

ஆனால் எந்திரம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு அப்பீல் எழுதக் கூடாது. மனிதர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் நீக்க முடிவுகளை மறுபடி பரிசீலிக்கும் மேற்பார்வை வாரியம் 2021 டிசம்பரில் தீர்த்த வம்பம் பட்டை வழக்கு நல்ல உதாரணம். வட அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர் ஒருவர் சிப்பிகளைக் கோத்து நெய்த வம்பம் பட்டையின் படத்தை ஒருவர் ஃபேஸ்புக்கில் போட்டார். கலைப்படைப்பின் தலைப்பே ‘இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று’ என்று அமெரிக்கப் பழங்குடிகளைக் குறிவைத்த பழைய ஒடுக்குமுறை வாசகம். கனடாவின் கம்லூப்ஸில் பழங்குடிக் குழந்தைகளுக்கென்று இருந்த உறைவிடப் பள்ளியில் அடையாளமில்லாத கல்லறைகள் கண்டறியப்பட்டதாக 2021 மே மாதம் வந்த செய்தியை ஒட்டிய பதிவு அது. இந்தக் கொடுமையைப் பலர் அறியச் செய்வதே நோக்கம் என்று பதிவிலேயே எழுதியிருந்தார். ஒருவரும் புகார் செய்யவில்லை. எந்திரம் பிடித்தது, மனிதர் ஒருவர் பார்த்து நீக்கினார், அப்பீலில் இன்னொரு மனிதரும் பார்த்து நீக்கியது சரி என்றார். வாரியம் வழக்கை எடுத்த பிறகுதான் மெட்டா தன் தவறை ஒப்புக்கொண்டு பதிவை மீட்டது.

நோக்கத்தைத் தெளிவாக எழுதிய பதிவுக்கே அந்த நிலை என்றால், ‘என்ன மனிதர்கள் இவர்கள்! சே!’ என்பது எப்படிப் படிக்கப்படும் என்று பாருங்கள். ‘இவர்கள்’ யார்? பின்னூட்டம் எழுதியவர்களா, மேடையில் ஏறியவர்களா? உங்களைத் தெரிந்தவருக்குச் சந்தேகமே வராது. உங்களைத் தெரியாமல், தினமும் நூற்றுக்கணக்கில் பார்த்துத் தள்ளுகிறவருக்கு அது மேற்கோளை ஆமோதிப்பது போலவும் படலாம். மேலே வசை, கீழே ‘சே!’. இரண்டும் ஒரே பக்கம் நிற்பதாக வாசிக்க இலக்கணத்தில் தடையே இல்லை.

மெட்டாவின் விதியிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. பிறருடைய வசையைக் கண்டிப்பதற்காகவோ செய்தியாகச் சொல்வதற்காகவோ பகிரலாம், ஆனால் நோக்கத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும், தெளிவில்லை என்றால் நீக்கப்படலாம். அதாவது, தெளிவில்லாததன் சுமை எழுதியவர் தலையில். நியாயமா என்பது வேறு கேள்வி. அப்பீல் எழுதும்போது அந்தச் சுமையை இறக்குவதுதான் வேலை.

#4 மட்டுறுத்துநர்

இழையில் எழுதுகிறவர்கள் உண்மையான வசைச்சொற்களைத் தட்டச்ச வேண்டாம். கோடு அல்லது ‘அந்தச் சொல்’ போதும். இந்த இழையே விதிமீறல் என்று கொடி வாங்கினால் சிரிப்பார்கள்.

#5 நிலாமுற்றம்

ஏடுகாப்பான் ஐயா ‘இவர்கள்’ பற்றிச் சொன்னது மிகச் சரி. தமிழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையில் அடிக்கடி பார்ப்பது இது.

நம் மொழியில் ‘என்று’, ‘னு’ எல்லாம் மேற்கோளுக்குப் பின்னால்தான் வரும். “அப்படி இப்படி” என்று ஒருவன் எழுதுகிறான், வெட்கமில்லையா என்போம். ஆகவே வசைதான் முதலில் நிற்கும், கண்டனம் கடைசியில். பதிவு நீளமாக இருந்து ‘மேலும் படிக்க’ என்று பாதியில் மடங்கினால், வெளியே தெரிவது வசை மட்டும். புகார் அழுத்துகிறவர்கள் அதைப் பார்த்தே அழுத்திவிடுகிறார்கள். எந்திர மொழிபெயர்ப்பில் படிக்கிற பரிசீலகருக்கு இன்னும் மோசம். ஒட்டி எழுதிய ‘ன்னு’ காணாமல் போய்விட்டால், மேற்கோள் எழுதியவருடைய சொந்த வாக்கியமாகிவிடும்.

பொன்வண்டின் பதிவில் ‘என்று’வே இல்லை. மேற்கோள் தனி வாக்கியமாக நிற்கிறது.

கண்டனத்தை முன்னால் கொண்டுவருவது கஷ்டமில்லை. “கீழே இருப்பது ஒருவர் திருநர்களை இழிவுபடுத்தி எழுதியது. இப்படிப் பேசுவது தவறு.” இதை முதலில் எழுதி, அதற்கப்புறம் மேற்கோள். கொஞ்சம் பள்ளிக்கூடத்துக் கட்டுரை போலத் தெரியும், பரவாயில்லை. கிண்டலாக ‘ஆஹா, என்ன பண்பாடு!’ என்று தொடங்குவதைவிட எவ்வளவோ மேல். எள்ளல் மொழிபெயர்ப்பில் பாராட்டாகிவிடும்.

#6 செவ்வந்தி

எனக்கும் இதே பிரச்சினைதான் அக்கா. ஒருத்தன் என் தோழியை அந்தச் சொல்லால திட்டினான். நான் பதிலுக்கு ‘நீதான்டா ____, உன் குடும்பமே ____’ன்னு அதே சொல்லை அவன் மேலயே திருப்பி விட்டேன். என் பதிலையும் தூக்கிட்டாங்க. நானும் கண்டிக்கத்தானே அதை எழுதினேன்? இந்த அப்பீல் எனக்கும் பொருந்துமா?

#7 நிலாமுற்றம்

பொருந்தாது செவ்வந்தி. கோபம் புரிகிறது. ஆனால் பொன்வண்டு அந்தச் சொல்லைச் சுட்டிக் காட்டினார், நீங்கள் அதைப் பயன்படுத்தினீர்கள். உங்கள் வாக்கியத்தில் அந்தச் சொல் இன்னமும் இழிசொல்லாகவே வேலை செய்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறான். அதில் அடிபடுவது அவன் மட்டுமில்லை, அந்தச் சொல்லால் எப்போதும் அழைக்கப்படுகிறவர்களும்தான். இதற்குக் கண்டன விலக்கைக் காட்டி அப்பீல் எழுதினால் தள்ளுபடி ஆகும், நியாயமும் அதுதான்.

#8 ஏடுகாப்பான்

அதோடு ஒன்று. திட்டப்படும் குழுவைச் சேர்ந்தவரே அந்தச் சொல்லைத் தன் பெயராக எடுத்துக்கொண்டு எழுதினால் அது மூன்றாவது வகை, அதற்கும் தனி விலக்கு உண்டு. 2022-இல் வாரியம் பார்த்த அரபுச் சொற்கள் வழக்கு அப்படிப்பட்டது. பெண்மை நடையுடைய ஆண்களை இழிவாகச் சொல்லும் அரபுச் சொற்களைப் படங்களாகப் போட்டு, அவற்றின் வலிமையைத் தம் வசம் மீட்டெடுப்பதே நோக்கம் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு எழுதியிருந்தது. நீக்கினார்கள், அப்பீலில் திருப்பினார்கள், மறுபடி புகார் வந்ததும் மறுபடி நீக்கினார்கள்! ஒருமுறை ஜெயித்த அப்பீல் அடுத்த புகாரிலிருந்து காப்பாற்றாது என்பதையும் அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். மீட்பு அறிவிப்பையும் சேமித்து வையுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இப்போது பொன்வண்டின் அப்பீல். நீங்கள் எழுதியதில் நான்கு வாக்கியங்கள். நான்கும் உங்களைப் பற்றியும் தளத்தைப் பற்றியும் பேசுகின்றன. பதிவைப் பற்றி ஒன்றுகூடப் பேசவில்லை. பரிசீலகர் முன்னால் இருப்பது ஒரு கேள்விதான்: இந்தச் சொல் யாருடையது, பதிவு அதன் பக்கமா, எதிர்ப்பக்கமா? ‘அநியாயம்’ என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. வெறுப்பைக் கக்கியவர்களும் அப்பீலில் இதே சொற்களைத்தான் எழுதுகிறார்கள். கருத்துச் சுதந்திரம் என்று தொடங்கினால் இன்னும் சிக்கல், ‘அப்படிப் பேச எனக்கு உரிமை உண்டு’ என்று நீங்கள் வாதாடுவதுபோல ஆகிவிடும்.

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

> இந்தப் பதிவின் முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் இருப்பதும் படத்தில் இருப்பதும் என் சொற்கள் அல்ல. வேறொருவர் பொதுவெளியில் எழுதிய பின்னூட்டம் அது.
> இரண்டாம் வரியில் ‘இவர்கள்’ என்பது அந்தப் பின்னூட்டத்தை எழுதியவர்களைக் குறிக்கிறது, திருநர்களை அல்ல. ‘சே’ என்பது அந்தப் பேச்சின் மீதான அருவருப்பு.
> திருநர்களை இப்படி இழிவுபடுத்துவதைக் கண்டிப்பதே பதிவின் நோக்கம். பிறர் வசையைக் கண்டிப்பதற்காகப் பகிரலாம் என்ற உங்கள் விதியின் விலக்கில் இது அடங்கும்.
> பதிவை மீட்டு, என் கணக்கில் பதிவான விதிமீறலையும் நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கவனித்தால், வசைச்சொல் இதில் வரவே இல்லை. ‘முதல் வரியில்’ என்று இடத்தைச் சொன்னாலே போதும், பரிசீலகர் பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறார். இரண்டாவது பத்தி முக்கியம். உங்கள் பதிவின் பலவீனமான இடம் எதுவோ அதை நீங்களே தொட்டுக் காட்டி விளக்கிவிட வேண்டும். ‘என் பதிவு தெளிவாக இருக்கிறது’ என்று சாதித்தால், தெளிவில்லாததைக் கண்ட பரிசீலகருக்கு உங்கள் மீதி வாதமும் சந்தேகமாகிவிடும். கடைசி வாக்கியத்தில் விதிமீறல் கணக்கைத் தனியாகக் கேட்பதும் வேண்டும். பதிவு திரும்பியும் அது நீங்காமல் நின்றால் அடுத்த முறை தண்டனை கூடும்.

அனுப்புவதற்கு முன் அறிவிப்பில் எந்த விதி எழுதியிருக்கிறது என்று மறுபடி பாருங்கள். படத்தில் பின்னூட்டம் எழுதியவரின் பெயர் தெரிகிறது என்கிறீர்கள். தனிநபர் மீதான துன்புறுத்தல் என்ற விதியில் நீக்கியிருந்தால் மேலே உள்ள வாதம் முழுக்க வீண். அங்கே கேள்வி சொல்லைப் பற்றியதல்ல, ஒருவர் மீது ஆட்களை ஏவினீர்களா என்பது. பெயரை மறைக்காமல் போட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

#9 குறும்பலகை

ஒத்துக்கறேன், அப்பீல் நல்லா இருக்கு. ஆனா ஸ்டார் விஷயத்துல நான் விடமாட்டேன். மெஷினை ஏமாத்துறதுக்கு இல்லைன்னே வச்சுக்குங்க. அந்தச் சொல்லால அடிபடுறவங்க டைம்லைன்ல அது முழுசா வந்து நிக்கிறது நல்லாவா இருக்கு? கண்டிக்கிறேன்னு சொல்லிட்டு நூறு பேர் அதையே காப்பி பண்ணிப் போடுறாங்க.

#10 ஏடுகாப்பான்

அது நல்ல காரணம், அதில் எனக்கு மறுப்பில்லை. படிப்பவருக்காக மறைப்பது வேறு, நோக்கத்துக்கு ஆதாரமாக மறைப்பை நம்புவது வேறு. மறைத்தாலும் கண்டன வாக்கியம் தனியாக வேண்டும். என்ன சொல் என்றே ஊகிக்க முடியாத அளவு மறைத்தால் பரிசீலகருக்கும் புரியாது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கண்டனம் உங்கள் எழுத்தில் இருக்கிறது, வசை படத்துக்குள் இருக்கிறது. தளங்கள் ஒருமுறை விதிமீறல் என்று முடிவுசெய்த படத்தை ஒரு கிடங்கில் போட்டு வைத்து, அதே படம் எங்கே வந்தாலும் தானாக நீக்குவதுண்டு. அங்கே ஒப்பிடப்படுவது படம்தான், நீங்கள் மேலே எழுதியது எந்தக் கணக்கிலும் வராது.

2022 செப்டம்பரில் வாரியம் தீர்த்த கொலம்பியா கேலிச்சித்திர வழக்கு வெறுப்புப் பேச்சைப் பற்றியதல்ல, ஆனால் இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காவல்துறை வன்முறையைக் கண்டிக்கும் ஒரு கேலிச்சித்திரம் தவறுதலாக அந்தக் கிடங்கில் போய்ச் சேர்ந்தது. பகிர்ந்தவர்கள் பதிவெல்லாம் போயின. 215 பேர் அப்பீல் செய்தார்கள், அவற்றில் 98% வெற்றி. அப்படியும் படம் கிடங்கிலிருந்து எடுக்கப்படவில்லை, வாரியம் வழக்கைக் கையில் எடுக்கும் வரை!

ஆகவே கண்டனத்தைப் படத்துக்குள்ளேயே வையுங்கள். பின்னூட்டத்தின் மேல் பட்டையாக ‘இது வெறுப்புப் பேச்சு, பகிராதீர்கள்’ என்று எழுதலாம். எழுதியவர் பெயரையும் முகப்படத்தையும் மறையுங்கள், வசைச்சொல்லின் நடுப்பகுதியை மட்டும் மங்கலாக்குங்கள். படம் தனியாகச் சுற்றினாலும் கண்டனம் கூடவே போகும். கிடங்குப் பொருத்தத்திலிருந்து கட்டாயம் தப்பும் என்று சொல்ல மாட்டேன், சின்ன மாற்றங்களைத் தாண்டியும் பொருத்துவார்கள். ஆனால் மனிதர் ஒருவர் பார்க்கும் நேரம் வரும்போது படமே பதில் சொல்லும்.

#11 பொன்வண்டு

மிக்க நன்றி. அறிவிப்பைத் திரும்பப் பார்த்தேன், வெறுப்புப் பேச்சு விதிதான், துன்புறுத்தல் இல்லை. பெயரை மறைக்காதது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம். அப்பீல் நடக்கும்போதே திருத்திய பதிவைப் புதிதாகப் போடலாமா? அப்பீலைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா?

#12 நிலாமுற்றம்

மொழி விஷயத்தில் என் கருத்து: தமிழிலேயே எழுதுங்கள். பதிவு தமிழ் என்பதால் தமிழ் தெரிந்தவரிடம் போக வாய்ப்பு அதிகம். ‘இவர்கள்’ யாரைக் குறிக்கிறது என்ற வாதத்தை ஆங்கிலத்தில் எழுதினால் அர்த்தமே கரைந்துவிடும்.

#13 ஏடுகாப்பான்

இதில் நிலாமுற்றத்தோடு நான் முழுதாக ஒத்துப்போகவில்லை. தமிழ் தெரிந்தவரிடம்தான் போகும் என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. நான் எழுதினால் மேலே தமிழில் நான்கு வரி, கீழே அதன் சுருக்கம் ஆங்கிலத்தில் இரண்டு வரி: மேற்கோள் பிறருடையது, பதிவு அதைக் கண்டிக்கிறது. எழுத்து எண்ணிக்கைக்கு எல்லை இருந்தால் எதை வெட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வரும்.

புதுப் பதிவு: அதே படத்தை அப்படியே போடாதீர்கள். முதல் முடிவு நிலுவையில் இருக்கும்போது அதே உள்ளடக்கம் மறுபடி நீக்கப்பட்டால் இரண்டாவது விதிமீறலாக ஏறலாம். மேற்கோளே இல்லாமல், ‘திருநர்களை இழிவாகப் பேசும் பின்னூட்டம் ஒன்றைப் பார்த்தேன், இது தவறு’ என்று எழுதுவதில் ஆபத்து குறைவு. நீக்கிய பதிவை நீங்களாக அழித்துவிடவும் வேண்டாம். சில தளங்களின் அறிவிப்பில் ‘அழி’, ‘அப்பீல்’ என்று இரண்டு பொத்தான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்தினால் முடிவை ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

#14 வழிப்போக்கன்

வீடியோவுக்கும் இதே முறைதானா? ஒரு காணொளித் தளத்தில் ஏற்றிய வீடியோவில், கூட்டத்தில் ஒருவர் பேசிய இழிவான பேச்சை 40 வினாடி ஒலிக்கவிட்டு, அதற்கப்புறம் கண்டிச்சுப் பேசியிருந்தேன். டிஸ்கிரிப்ஷன்ல ‘இதைக் கண்டிக்கிறோம்’னு தெளிவா இருக்கு. எச்சரிக்கை வந்துருச்சு.

#15 ஏடுகாப்பான்

வாதம் ஒன்றே, ஆனால் இடம் வேறு. யூடியூபின் விதியை எடுத்துக்கொண்டால், கல்வி, ஆவணம், அறிவியல், கலை என்ற நோக்கங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தச் சூழல் விளக்கம் வீடியோவின் படத்திலோ ஒலியிலோ இருக்க வேண்டும், தலைப்பிலும் டிஸ்கிரிப்ஷனிலும் மட்டும் இருந்தால் போதாமல் போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் அப்பீலில் டிஸ்கிரிப்ஷனைக் காட்டி வாதாடுவதை விட்டுவிட்டு, நேரத்தைக் குறித்துக் காட்டுங்கள்: ‘0:12 முதல் 0:52 வரை ஒலிப்பது பிறருடைய பேச்சு, 0:53-இல் அதைத் தவறு என்று சொல்கிறோம், 1:40 வரை ஏன் தவறு என்று விளக்குகிறோம்’ என்பது போல. எச்சரிக்கைக்கு அடுத்து வரும் ஸ்டிரைக் என்ற விதிமீறல் புள்ளி விழுந்தால், அதற்கு அப்பீல் ஒரே ஒரு வாய்ப்புத்தான், எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வீடியோவை அழித்தாலும் ஸ்டிரைக் போகாது.

உண்மையில் 40 வினாடி நீளம்தான் உங்கள் பலவீனம். கண்டிக்க 8 வினாடி போதுமென்றால் மீதி 32 வினாடியும் அந்தப் பேச்சை ஒலிபரப்பியதாகத்தான் படும். அடுத்த முறை பேச்சுக்கு முன்னாலேயே இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, ஒலிக்கும்போது திரையில் எழுத்தையும் ஓடவிடுங்கள்.

#16 வழிப்போக்கன்

8 வினாடில அந்தப் பேச்சோட முழு விஷமும் தெரியாது. வெட்டினா ‘திரிச்சுட்டாங்க’ன்னு அவங்க ஆளுங்க வருவாங்க. இதுக்கு யாரும் வழி சொல்ல மாட்டேங்கிறாங்க.

#17 நிலாமுற்றம்

நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசலாம். 10 வினாடி, உங்கள் குரல், மறுபடி 10 வினாடி. முழுப் பேச்சும் வரும், தொடர்ச்சியாக வராது. ‘திரித்துவிட்டார்கள்’ என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை.

#18 பொன்வண்டு

அப்பீல் பக்கத்தைத் திறந்தால் எழுதுவதற்குக் கட்டமே இல்லை! காரணங்களின் பட்டியல் மட்டும் வருகிறது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நகைச்சுவை’ என்று ஒன்று, ‘விழிப்புணர்வு ஏற்படுத்த’ என்று ஒன்று, இன்னும் சில. கிண்டலும் கலந்த பதிவு என்பதால் நகைச்சுவையை அழுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்கிறார்.

#19 ஏடுகாப்பான்

அழுத்தாதீர்கள். அந்த வசையையே வேடிக்கைக்காகச் சொன்னீர்கள் என்று பொருளாகிவிடும். ‘விழிப்புணர்வு’தான் உங்களுக்கு. இந்தத் தேர்வு வசதி மெட்டாவில் வந்ததே வாரியம் பரிந்துரைத்ததால்தான். 2024 பிப்ரவரியில் மட்டும் வெறுப்புப் பேச்சு நீக்கங்களுக்கு 70 லட்சத்துக்கும் மேல் அப்பீல் வந்ததாகவும், பத்தில் எட்டுப் பேர் காரணம் குறித்ததாகவும், காரணம் குறித்தவர்களில் மூன்றில் ஒருவர் ‘நகைச்சுவை’ என்றும் ஐந்தில் ஒருவர் ‘விழிப்புணர்வு’ என்றும் தேர்ந்தெடுத்ததாகவும் வாரியம் வெளியிட்டது. நகைச்சுவை வரிசை நீளம். அங்கே போய் நிற்க வேண்டாம்.

எழுதி வைத்த நான்கு பத்திகளைத் தூக்கிப் போடாதீர்கள். அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், நீக்கிய தேதி, பதிவின் முழு வாசகம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். அப்பீலும் தோற்றால் அடுத்த கட்டத்தில் எழுத இடம் கிடைக்கும். அது மெட்டாவின் தளமாக இருந்தால், இறுதி முடிவோடு FB அல்லது IG என்று தொடங்கும் ஒரு குறிப்பு எண் வரும். அதை வைத்து 15 நாளுக்குள் வாரியத்தின் இணையதளத்தில் முறையிடலாம். வாரியம் மிகச் சில வழக்குகளைத்தான் எடுக்கும். ஆனால் அது ஒரு வழக்கைத் தேர்வுப் பட்டியலில் வைத்துக் கேட்டதும் மெட்டா தானாகவே முடிவை மாற்றிக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்டவற்றுக்குச் சுருக்கத் தீர்ப்பு என்றே ஒரு வகை இருக்கிறது.

#20 பொன்வண்டு

‘விழிப்புணர்வு’ தேர்ந்தெடுத்து அனுப்பியாயிற்று. திருத்திய பதிவின் வரைவையும் இங்கே வைக்கிறேன், யாராவது பாருங்கள்:

> திருநர்களை இழிவுபடுத்தி ஒருவர் எழுதிய பின்னூட்டம் படத்தில் இருக்கிறது. இப்படி எழுதுவதைக் கண்டிக்கிறேன். “இந்த ____களை எல்லாம் மேடையில் ஏற்றினால் இப்படித்தான்” என்கிறார். மேடை அவர்களுக்கும் உரியதுதான். இதை எழுதியவருக்கு வெட்கம் வேண்டும்.

#21 நிலாமுற்றம்

நன்றாக இருக்கிறது. ‘மேடை அவர்களுக்கும்’ என்பதை ‘மேடை திருநர்களுக்கும்’ என்று மாற்றுங்கள். மறுபடி ஒரு ‘அவர்கள்’ எதற்கு?